ஒரே வண்டி இரண்டு போட்டோவிலும் நின்றால்

என் தொழில் மோட்டார் காயில் கட்டுவதும் பம்ப்செட் சாமான் விற்பதும். வருகிறவர்கள் திருவையாறு பக்கத்து விவசாயிகள். எரிந்துபோன மோட்டாரை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு வருவார்கள். அதை இறக்கக் கடை வாசலிலேயே இடம் வேண்டும். இதைத்தான் என் மச்சானுக்குக் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை.

கடை தேடியபோது அவர் சொன்னது தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம். நான் பார்த்தது கரந்தையில். புரோக்கர் அனுப்பிய படத்தில் பஸ் ஸ்டாண்ட் கடை மண்டபம் மாதிரி விரிந்து கிடந்தது. ஓரத்துத் தூண்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன, பக்கத்து ஷட்டர்களெல்லாம் மூடியிருந்தன. அகல லென்ஸில், ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்த படம். அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கச் சொன்னார்கள்.

நானே போய், இரண்டு கடையையும் வேலைநாளில், காலை பத்து மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும், எதிர்ச் சாரியில் ஒரே தூரத்தில் நின்று எடுத்தேன். பஸ் ஸ்டாண்ட் கடை வாசலில் இரண்டு வேளையும் வரிசையாக பைக். மச்சான் "பாருங்க மாப்ள, கூட்டம்" என்றார். படத்தைப் பெரிதாக்கி நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். காலையில் நின்ற வண்டிகளில் முக்கால்வாசி மதியமும் அதே இடத்தில். அக்கம்பக்கத்துக் கடை ஊழியர்கள் பூட்டிவிட்டுப் போனவை! சாயங்காலம்வரை நகராது. நடந்துபோனவர்களும் பஸ்ஸைப் பார்த்தே போனார்கள், ஒருவர் முகமும் கடைப் பக்கம் திரும்பவில்லை.

கரந்தைப் படத்தில் காலையில் இரண்டே வண்டி, மதியம் வேறு மூன்று. நம்பர் எல்லாம் மாறியிருந்தது. கீழே குனிந்து தரையையும் எடுத்தேன்: வெயிலில் இளகிய தாரில் சைடு ஸ்டாண்ட் குத்திய சின்னச் சின்னக் குழிகள், ஆயில் சொட்டு. வண்டிகள் வந்து நின்று போகிற இடம் என்பதற்கு வேறு அத்தாட்சி எதற்கு? கடை கிழக்குச் சாரி. திருவையாற்றிலிருந்து ஊருக்குள் வருகிறவருக்கு இடதுகைப் பக்கம், சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம்.

எந்த மாதம் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். தை, மாசியில் சம்பா அறுவடைக் காசு புழங்கும்போது எந்தத் தெருவும் திருவிழாதான். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால், குறுவை நாற்றங்காலுக்கு பில்டர் பாயிண்ட் ஓடி மோட்டார் எரிகிற வைகாசியில் நான் எடுத்தேன். நீங்களும் உங்கள் சீசனில்தான் எடுக்க வேண்டும்.

கரந்தைக் கடைக்கே அட்வான்ஸ், அக்ரிமென்ட், இ.பி. கார்டெல்லாம் வழக்கம்போல முடிந்தது. மேற்குப் பார்த்த வாசல் ஆகாது என்றார்கள், கேட்கவில்லை. ஒன்றுக்குத்தான் வாதாடினேன். வண்டி சீட் உயரத்தில் போனைப் பிடித்து, நாற்பது அடி முன்னாலிருந்து எடுத்த படத்தில், பக்கத்துக் கடையின் தகரச் சாய்ப்பு என் பலகை வரவேண்டிய இடத்தை முழுக்க மறைத்தது. அந்தப் படத்தையே வீட்டுக்காரரிடம் காட்டி, சாலைக்குக் குறுக்காக, இரண்டு பக்கமும் எழுத்துத் தெரியும்படி பலகை நீட்ட அனுமதியை அக்ரிமென்டிலேயே எழுதி வாங்கினேன்.