அனுப்பியது எந்தக் கணிப்பொறி?

ஒரு வங்கியின் வலைத்தளத்திற்கு யாரோ வருகிறார். "நான் விண்டோஸ் கணிப்பொறியிலிருந்து வருகிறேன்" என்கிறது அவருடைய பிரவுசர். அதை நம்பலாமா? பதிலுக்கு ஒரு கேள்வியும் அனுப்பாமல், வந்த பொட்டலத்தை மட்டும் பார்த்தே இதை ஓரளவு சோதிக்க முடியும். 2000ஆம் ஆண்டில் மிகால் சலெவ்ஸ்கி எழுதிய p0f என்னும் நிரல் இவ்வேலையைத்தான் செய்கிறது.

இணைப்பைத் தொடங்கும் முதல் பொட்டலத்தின் தலைப்பில் டி.டி.எல். என்றோர் எண் உண்டு. அதைப் பொட்டலத்தின் ஆயுள் என்று கொள்ளுங்கள். வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பொட்டலம் கைவிடப்படும். வழி தவறிய பொட்டலங்கள் முடிவின்றிச் சுற்றாமலிருக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் தொடக்க எண் எல்லோருக்கும் ஒன்றல்ல. லினக்ஸ் 64இல் தொடங்கும். விண்டோஸ் 128இல் தொடங்கும்.

நம் பொட்டலம் 52 என்ற எண்ணுடன் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 64இலிருந்து தொடங்கியிருந்தால் 12 ரூட்டர்களைக் கடந்திருக்கிறது, இது இயல்பு. 128 என்றால் 76 ரூட்டர்கள்! இணையத்தில் அவ்வளவு நீண்ட பாதை வழக்கத்தில் இல்லை. ஆகவே அனுப்பியது லினக்ஸாக இருக்கலாம்.

அடுத்து ஜன்னல் அளவு. "என் ஒப்புதல் வருமுன் இத்தனை பைட்டுகள் வரை அனுப்பலாம்" என்று சொல்லும் எண் இது. நம் பொட்டலத்தில் 64240 இருக்கிறது. பழைய லினக்ஸ் பதிப்புகள் பல 29200 என்று சொல்லும். அதை வைத்து அவற்றை எளிதாகப் பிரித்துவிடலாம். ஆனால் புதிய லினக்ஸும் விண்டோஸ் 10உம் 64240 என்றே சொல்வதுண்டு. இங்கே ஜன்னல் நமக்கு உதவவில்லை.

டி.டி.எல்.லையும் முழுதாக நம்ப முடியாது. லினக்ஸில் ஒரே கட்டளையால் அதை மாற்றிவிடலாம்:

```
sysctl -w net.ipv4.ip_default_ttl=128
```

இனி அதே பொட்டலம் 116 என்று வந்து சேரும். பார்ப்பவர் விண்டோஸ் என்றே எண்ணுவார். ஆயினும் வேடம் முழுமையாகவில்லை. பொட்டலத்தின் விருப்பத் தேர்வுகள் எழுதப்படும் வரிசையைப் பாருங்கள். முதலாவது விண்டோஸின் வழக்கமான வரிசை, அடுத்தது லினக்ஸுடையது:

```
mss,nop,wscale,nop,nop,sackOK
mss,sackOK,TS,nop,wscale
```

TS என்பது நேரமுத்திரை. விண்டோஸ் பெரும்பாலும் அதை முதல் பொட்டலத்தில் வைப்பதில்லை. ஆயுளை மாற்றியவர் இவ்வரிசையை மாற்ற மறந்திருந்தால், அகப்பட்டுக்கொள்வார்.

அப்படியானால் வந்தவர் ஏமாற்றுக்காரர்தானா? அவசரப்படாதீர்கள். பல அலுவலகங்களில் ஊழியரின் விண்டோஸ் கணிப்பொறி நேரே இணையத்தைத் தொடுவதில்லை. இடையிலுள்ள பிராக்ஸி கணிப்பொறி, கோரிக்கையை வாங்கித் தானே புதிய இணைப்பைத் தொடங்குகிறது. அது லினக்ஸாக இருந்தால், வங்கி காண்பது பிராக்ஸியின் பொட்டலத்தை. பிரவுசரின் வாசகமோ ஊழியருடையது. இரண்டும் உண்மை, இரண்டும் முரண்படும். இந்தப் பொருத்தமின்மையை மட்டும் பார்த்துக் கதவை மூடினால், சம்பளம் வந்ததா என்று பார்க்க வந்த குமாஸ்தாவும் வெளியே நிற்பார்.