மெஸ் கதவு ஏன் "டமார்"னு அடிக்குது?

ஹாஸ்டல் மெஸ் சமையலறையில புகைபோக்கி ஃபேனைப் போட்டதும் ரெண்டு விஷயம் நடக்கும். டைனிங் ஹால் பக்கம் திறக்கிற கதவை இழுத்தா வராது, கையை விட்டா "டமார்"னு மூடிக்கும். அடுப்புல நீல ஜுவாலை ஒரு பக்கமா சாயும். கதவுக்கு டோர் க்ளோசர் மாத்துவாங்க, அடுப்புக்கு பர்னர் மாத்துவாங்க. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்: வெளியே போற காத்துக்குப் பதிலா உள்ளே வர வழி இல்லை. அந்தப் பதில் காத்துக்குப் பேர்தான் மேக்கப் ஏர்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு சமையலறையை எடுத்துக்குங்க. கொள்ளளவு 120 கன மீட்டர். ஹூட்ல இருக்கிற ஃபேன் விநாடிக்கு 1.5 கன மீட்டர் இழுக்கும்னு வெச்சுக்கலாம். அப்படின்னா 80 விநாடியில அறையில இருக்கிற அளவு காத்து முழுக்க வெளியே போயிடும். அதே அளவு காத்து எங்கிருந்தாவது உள்ளே வந்தே ஆகணும்.

ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கு. கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு எல்லாம் சேர்த்து 0.2 சதுர மீட்டர் தேறும். ஃபேன் திணறி 1.2 கன மீட்டருக்கு இறங்கிடுது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல பார்த்த ஆரிஃபைஸ் கணக்கேதான் இது, டிஸ்சார்ஜ் கோயஃபிஷியன்ட் 0.6:

```
v  = 1.2 / (0.6 × 0.2) = 10 m/s
ΔP = ½ × 1.2 × 10²     = 60 Pa
```

60 பாஸ்கல்னா ரொம்பக் குறைவா தெரியும். ஆனா 2 மீட்டருக்கு 0.9 மீட்டர் கதவோட பரப்பு 1.8 சதுர மீட்டர். அது மேல மொத்த விசை 108 நியூட்டன். கைப்பிடி கீலுக்கு எதிர் ஓரத்துல இருக்கிறதால பாதி, அதாவது 54 நியூட்டன், உங்க கைக்கு வரும். கிட்டத்தட்ட ஐந்தரை கிலோ எடை. சாம்பார் வாளியோட வர்ற அண்ணன் கையை விட்டதும் கதவு ஏன் அடிக்குதுன்னு இப்ப புரியும்.

ஜுவாலையைச் சாய்க்கிறதும் அந்த 10 மீட்டர் வேகம்தான். இடுக்கு வழியா பாயுற காத்து போகப் போக வேகம் குறையும். ஆனா மிச்சமிருக்கிற குறுக்குக் காத்தே ஜுவாலையை அண்டா அடியிலிருந்து விலக்கவும், புகையை ஹூட்டுக்கு வெளியே தள்ளவும் போதும். சிம்ல வெச்ச ஜுவாலை அணைஞ்சுட்டா, எரியாத எல்பிஜி காத்தை விடக் கனமானதால தரையோட தங்கும். அதே அறையில புகைக்குழாய் வெச்ச கேஸ் கீசர் இருந்தா இன்னும் மோசம். குழாய் வழியா மேலே போக வேண்டிய புகை, கார்பன் மோனாக்சைடோட, அறைக்குள்ளேயே திரும்பும்.

வழக்கமா பண்ற தப்பு

புகை வெளியே கசியுதுன்னு பெரிய ஃபேன் போடுவாங்க. வழி அதே 0.2 சதுர மீட்டர்தான். அதனால அழுத்த வித்தியாசம் இன்னும் ஏறும், காத்து இன்னும் வேகமா பாயும். ஹூட்டோட எண்ணெய் ஃபில்டரைக் கழுவின மறுநாள் கதவு அதிகமா அடிச்சாலும் இதே கதைதான்: அடைப்பு போனதால ஃபேன் முழுசா இழுக்குது.

சரியான வழி

1.5ல 1.2 கன மீட்டரை ஒரு சப்ளை ஃபேன் மூலமா கொடுங்க. ஃபேன் திணறாம முழு 1.5 இழுக்கும். மீதி 0.3 மட்டும் இடுக்கு வழியா வரும். அப்போ வேகம் 2.5 மீட்டர், அழுத்த வித்தியாசம் 4 பாஸ்கலுக்கும் கீழே, கைப்பிடியில வர்ற விசை மூணரை நியூட்டன்தான். முழுசா சமன் பண்ண வேண்டாம். சமையலறை கொஞ்சம் குறை அழுத்தத்துல இருந்தாதான் தாளிப்பு நெடி டைனிங் ஹாலுக்கு வராது.

எங்கே விடுறோம்ங்கிறதும் முக்கியம். ஹூட்டுக்குப் பக்கத்துல சீலிங்ல இருந்து வேகமா அடிச்சா அதுவே புகையைக் கலைச்சுடும். அடுப்புக்கு எதிர்ச் சுவர்ல, அகலமான துளைத் தகடு வழியா மெதுவா விடணும். வெளியே காத்து எடுக்கிற இடம், புகை வெளியேறுற வாய்ல இருந்து குறைஞ்சது 3 மீட்டராவது தள்ளி இருக்கணும். ரெண்டு ஃபேனும் ஒரே சுவிட்ச்ல சேர்ந்து ஓடணும். இல்லைன்னா கரண்ட் பில்லைப் பார்த்து முதல்ல நிறுத்துறது சப்ளை ஃபேனைத்தான்.

சப்ளை ஃபேனுக்குக் காசு இல்லையா? சுவர்ல லூவர் வைக்கலாம். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துல வரணும்னா 1.2 சதுர மீட்டர் திறந்த பரப்பு வேணும். லூவர் பட்டைகள் பாதியை அடைக்கும்னா மொத்த அளவு 2.4 சதுர மீட்டர். கொசுவலை போட்டா எண்ணெய்ப் பிசுக்குல அடைச்சுக்கும், அடிக்கடி கழுவணும்.

நீங்களே சோதிக்கலாம்

ஃபேனைப் போட்டு, கதவு ஜன்னலைச் சாத்துங்க. தண்ணி ஊத்தின U வடிவ டியூபோட ஒரு முனையை ஜன்னல் இடுக்கு வழியா வெளியே விடுங்க. 60 பாஸ்கல்னா ரெண்டு பக்க மட்டமும் 6 மில்லிமீட்டர் வித்தியாசப்படும். 4 பாஸ்கல்னா அரை மில்லிமீட்டர் கூட வராது. அதாவது, வித்தியாசம் கண்ணுக்குத் தெளிவா தெரிஞ்சாலே மேக்கப் ஏர் பத்தலைன்னு அர்த்தம். அடுத்து, அடுப்புல சமையல் நடக்கும்போது ஊதுபத்தியை ஹூட்டோட விளிம்பு முழுக்கக் கொண்டு போங்க. புகை உள்ளே வளைஞ்சா சரி. எந்த இடத்துல வெளியே நழுவுதோ, அங்கே ஏதோ ஒரு இடுக்குல இருந்து குறுக்குக் காத்து வருது. அந்த இடுக்கைத் தேடுங்க.