கேபிள் இணைப்பிலிருந்து டிகோடருக்கு மாறும்போது: எது நிற்கும், எது நிற்காது

லா சப்பல் பகுதியின் பழைய அடுக்குமாடிக் கட்டிடங்கள் பலவற்றில், வரவேற்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் வட்டமான துளையுடன் ஒரு தொலைக்காட்சி இணைப்பு உண்டு. பல ஆண்டுகளாக இங்குள்ள குடும்பங்கள் அதனுடன் கம்பியைப் பொருத்தி, கேபிள் நிறுவனம் வழங்கிய பெட்டியின் வழியாக நிகழ்ச்சிகளைப் பார்த்து வந்துள்ளன. பாரிசில் அந்த நிறுவனத்தின் பெயர் நூஸ் என்றும், பின்னர் நுமெரிகாப்ல் என்றும், இப்பொழுது எஸ்.எஃப்.ஆர். என்றும் மாறியிருக்கிறது. தற்போது பலர் அந்த இணைப்பை விட்டுவிட்டு, வேறொரு நிறுவனத்தின் இணைய பொக்ஸையும் அதனுடன் வரும் தொலைக்காட்சி டிகோடரையும் பெற்றுக்கொள்கின்றனர். இம்மாற்றத்தின்போது தாம் எதை இழக்கிறோம், எது தம்மிடமே தொடர்ந்து இருக்கும், எதற்குத் தொடர்ந்து கட்டணம் செல்லும் என்பவை பலருக்குத் தெளிவாக இருப்பதில்லை. இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது.

சுவரிலிருந்து வருபவை இரண்டு

கேபிள் உள்ள கட்டிடத்தில் அந்த வட்டத் துளையின் வழியாக இரண்டு வெவ்வேறு சேவைகள் வரக்கூடும். முதலாவது, பிரான்ஸ் 2, பிரான்ஸ் 3, ஆர்ட்டே முதலான இலவச அலைவரிசைகள். இவை தரைவழி எண்ணிம ஒளிபரப்பு (தே.என்.தே.) எனப்படும். கட்டிடத்தின் கூரையிலுள்ள பொது அன்டெனாவிலிருந்தோ, கட்டிட உரிமையாளர் கேபிள் நிறுவனத்துடன் செய்துகொண்ட 'அன்டெனாச் சேவை' உடன்படிக்கையின் மூலமோ இவை எல்லா வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. இரண்டாவது, நீங்கள் உங்கள் பெயரில் கையொப்பமிட்டு மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் சந்தா. கட்டண அலைவரிசைகள், தமிழ் அலைவரிசைத் தொகுப்பு, இணையம், தொலைபேசி ஆகியன இதில் அடங்கும்.

சந்தாவை இரத்துச் செய்தால் நிற்பது இரண்டாவது மட்டுமே. முதலாவது கட்டிடத்துக்குரியது. உங்கள் ஒப்பந்தம் முடிவடைந்தாலும் அது தொடரும். அதற்குரிய தொகை, இருக்குமாயின், வீட்டின் பராமரிப்புச் செலவுக் கணக்கில் தனி வரியாகக் காணப்படும். அதை நிறுத்துவது தனியொரு குடியிருப்பாளரின் கையில் இல்லை. ஆகவே இலவச அலைவரிசைகளை மட்டும் பார்ப்பவர் புதிய சந்தா எதுவும் எடுக்கவேண்டிய தேவையே இல்லாமலிருக்கலாம்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கேபிள் பெட்டியை அகற்றிவிட்டு, சுவர்த் துளையிலிருந்து வரும் கம்பியை நேரடியாகத் தொலைக்காட்சியின் அன்டெனாத் துளையில் பொருத்துங்கள். பின்னர் தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் அலைவரிசைத் தேடலைத் தொடங்கி, Antenne என்பதைத் தெரிவு செய்யுங்கள். எதுவும் கிடைக்காவிடில் Câble என்பதைத் தெரிவு செய்து மீண்டும் தேடுங்கள். இலவச அலைவரிசைகள் தோன்றினால் கட்டிடச் சேவை இயங்குகிறது என்று பொருள். எதுவுமே தோன்றாவிட்டால் தொலைக்காட்சி மிகப் பழையதாக இருக்கலாம். பாரிஸ் பிரதேசத்தில் பழைய அனலொக் ஒளிபரப்பு 2011 மார்ச் 8 அன்று நிறுத்தப்பட்டது. 2016 ஏப்ரல் 5 முதல் நாடெங்கும் உயர்துல்லிய முறை மட்டுமே பயன்படுகிறது. அதை ஏற்காத தொலைக்காட்சிக்கு ஒரு சிறிய மாற்றுப் பெட்டியை ஒருமுறை வாங்கிப் பொருத்தினால் போதும். அதற்கு மாதக் கட்டணம் இல்லை. கட்டிடச் சேவை பழுதடைந்திருந்தால் உரிமையாளருக்கோ கட்டிட நிர்வாகத்துக்கோ எழுத்தில் அறிவியுங்கள். தொலைக்காட்சி, துளை இரண்டும் சரியாக இருந்தும் ஒளிபரப்பில் சிக்கல் எனத் தோன்றினால், recevoirlatnt.fr என்னும் அரச இணையத்தளத்தில் முறையிடலாம்.

பார்ப்பவருக்கு என்ன மாறுகிறது

கேபிளில் எல்லா அலைவரிசைகளும் ஒரே நேரத்தில் கம்பி வழியாக வந்துகொண்டிருக்கும். பெட்டி அவற்றுள் ஒன்றைப் பிரித்துக் காட்டும். இணைய டிகோடரில் நிலை வேறு. நீங்கள் எண்ணை அழுத்தியதும் அந்த அலைவரிசை மட்டும் உங்கள் இணைய இணைப்பின் வழியாக அனுப்பப்படுகிறது. நாளாந்தப் பயன்பாட்டில் காணும் வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதலாவதாக, இணையம் நின்றால் டிகோடரின் தொலைக்காட்சியும் நின்றுவிடும். சுவர்த் துளையுடன் நேரடியாகப் பொருத்திய தொலைக்காட்சி அப்பொழுதும் இயங்கும். இரண்டாவதாக, டிகோடரில் வரும் நேரடி ஒளிபரப்பு சில விநாடிகள் பிந்தியே வரும். உதைபந்தாட்டத்தின்போது பக்கத்து வீட்டின் ஆரவாரம் முதலில் கேட்பது இதனால்தான். இது பழுதன்று. மூன்றாவதாக, ஒரு டிகோடர் ஒரு தொலைக்காட்சிக்கே உரியது. இரண்டாவது அறைக்கும் அதே அலைவரிசைகள் வேண்டுமாயின், பெரும்பாலும் இரண்டாவது டிகோடரை மேலதிகக் கட்டணத்துடன் கேட்டுப் பெறவேண்டும். அந்த அறையில் இலவச அலைவரிசைகள் மட்டும் போதுமானால், சுவர்த் துளையே போதும்.

சுவர்த் துளையைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் வைத்திருத்தல் நன்று. அலைவரிசைகளின் எண் வரிசை மாறும்போது டிகோடர் தானாகவே திருத்திக்கொள்ளும். தொலைக்காட்சியிலோ தேடலை நீங்களே மீண்டும் செய்யவேண்டியிருக்கும். 2025 ஜூன் 6 அன்று பிரான்ஸ் 4 என்னும் அலைவரிசை 14ஆம் எண்ணிலிருந்து 4ஆம் எண்ணுக்கு மாறியபோது இவ்வாறே நிகழ்ந்தது.

தமிழ் அலைவரிசைகள் பார்ப்போர் கவனிக்கவேண்டியது இன்னொன்று. கேபிள் நிறுவனத்திடம் பெற்ற தமிழ்த் தொகுப்பு அந்த ஒப்பந்தத்துடன் பிணைக்கப்பட்டது. அது புதிய பெட்டிக்கு மாறி வராது. கையொப்பமிடுவதற்கு முன்னர் புதிய நிறுவனத்தின் அலைவரிசைப் பட்டியலை வாங்கி, நீங்கள் பார்க்கும் அலைவரிசையின் பெயர் அதில் உண்டா, அடிப்படை விலையில் உண்டா அல்லது தனிக் கட்டணமா என்று பாருங்கள். வாய்மொழி உறுதி போதாது. ஒப்பந்தத் தாளில் எழுதப்பட்டிருப்பதே உங்களைக் காக்கும்.

ஒப்பந்தம் முடிவதை உறுதி செய்தல்

பணம் வீணாவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்கள் கேபிள் நிறுவனத்துடன் இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றுக்கும் மாதம் 40 யூரோவுக்கு, 24 மாதப் பிணைப்புடன் ஒப்பந்தம் செய்திருந்தனர். 18 மாதங்கள் முடிந்த நிலையில் வேறொரு நிறுவனத்தின் பொக்ஸுக்கு மாற விரும்புகின்றனர்.

எஞ்சியிருப்பவை 6 மாதங்கள். அதாவது 240 யூரோ. ஆயினும் அவர்கள் அம்முழுத் தொகையையும் செலுத்த வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பிணைப்பில், முதல் பன்னிரண்டு மாதம் கழிந்த பின்னர் விலகுபவரிடம், எஞ்சிய தொகையில் 20 வீதத்துக்கு மேல் இணைய, தொலைபேசி நிறுவனம் கேட்கமுடியாது. இது நுகர்வோர் சட்டக் கோவையின் விதி. இக்குடும்பம் செலுத்தவேண்டியது ஆகக்கூடியது 48 யூரோ. பிணைப்புக் காலம் முடிந்துவிட்டவரிடம் இத்தொகையும் கேட்கப்படாது.

அடுத்த கேள்வி, பழைய ஒப்பந்தத்தை யார் முடிப்பது என்பது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

பழைய தொலைபேசி எண்ணை வைத்துக்கொள்ள விரும்பினால், அந்தத் தொலைபேசியிலிருந்தே 3179ஐ அழைத்து RIO எனப்படும் அடையாளக் குறியீட்டைப் பெற்று, புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். எண் மாறும்போது புதிய நிறுவனமே பழைய ஒப்பந்தத்தை முடித்துவிடும். இவ்வழியில் செல்வோர் தாமே முன்கூட்டி இரத்துக் கடிதம் அனுப்பக் கூடாது.

எண் தேவையில்லை என்று முடிவு செய்தால், பழைய ஒப்பந்தம் தானாக முடியாது. புதிய பொக்ஸ் வந்துவிட்டதனால் பழையது நின்றுவிட்டது என்று எண்ணியிருப்போரின் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் இரண்டு தொகைகள் கழிக்கப்படுவது இதனால்தான். இவ்வழியில் செல்லும் நம் குடும்பம், புதிய பொக்ஸ் இயங்கத் தொடங்கியதை உறுதி செய்துகொண்டு, பெற்றமைக்கான அத்தாட்சியுடன் கூடிய பதிவுத் தபாலில் இரத்துக் கடிதம் அனுப்புகிறது. நிறுவனத்தின் இணையத்தளத்திலுள்ள இரத்துச் செய்யும் பொத்தானையும் பயன்படுத்தலாம். கடிதம் மார்ச் 3 அன்று நிறுவனத்தின் கையில் கிடைத்தால், ஒப்பந்தம் மார்ச் 13க்குள் முடிவடைய வேண்டும். முன்னறிவிப்புக் காலம் பத்து நாட்களுக்கு மேற்படக் கூடாது என்பது சட்டம். வங்கியில் தொகை கழிக்கப்படுவதை மட்டும் நிறுத்துவது இரத்தாகாது. அது கடனாகவே கணக்கில் ஏறும்.

தமிழ்த் தொகுப்பை வேறொரு விற்பனையாளரிடம் தனியாக வாங்கியிருந்தால், அதற்குத் தனியாக இரத்துக் கடிதம் எழுத வேண்டும். எண் மாற்றம் அதைத் தொடாது.

பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியே. டிகோடர், மோடம், தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி, மின்கம்பி, அட்டை இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, அவற்றிலுள்ள தொடர் எண்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்தமைக்கான பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாதவரிடம் பின்னர் பெட்டியின் விலை கேட்கப்பட்டால், தாம் ஒப்படைத்ததை நிரூபிப்பது கடினம். பிணைத்தொகை செலுத்தியிருந்தால், கருவிகளை ஒப்படைத்ததிலிருந்து பத்து நாட்களுக்குள் அது திருப்பித் தரப்பட வேண்டும்.

மனம் மாறினால், தகராறு எழுந்தால்

புதிய ஒப்பந்தத்தைத் தொலைபேசி மூலமோ, இணையத்திலோ, வீட்டு வாசலுக்கு வந்த விற்பனையாளரிடமோ செய்திருந்தால், காரணம் கூறாமல் விலகிக்கொள்ள 14 நாட்கள் உண்டு. கடைக்குச் சென்று கையொப்பமிட்டவருக்கு இவ்வுரிமை இல்லை. எனவே கடையில் கையொப்பமிடுவோர் அலைவரிசைப் பட்டியலை அங்கேயே படித்து முடிப்பது அவசியம்.

தவறான கட்டணம் கேட்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் திருப்தியளிக்காவிடில் அதன் நுகர்வோர் பிரிவுக்கு எழுதுங்கள். அதன் பின்னரும் தீராவிடில் மின்னணுத் தொடர்பாடல் மத்தியஸ்தரிடம் mediation-telecom.org என்னும் தளத்தின் மூலம் கட்டணமின்றி முறையிடலாம். கடிதம் எழுத உதவி வேண்டுவோர், புவான் ஜுஸ்திஸ் எனப்படும் இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்துக்கு வரும்போது ஒப்பந்தம், கடைசிக் கட்டணப் பட்டியல், பதிவுத் தபால் அத்தாட்சி, கருவி ஒப்படைத்த பற்றுச்சீட்டு ஆகிய நான்கையும் கொண்டுவர வேண்டும்.