கேட்லாக்கில் நம் சணல் பை: விவரம் எழுதுவது எப்படி?



சணல் பை தைக்கும் குழுக்கள் மொத்த ஆர்டர் பிடிப்பதற்காக கேட்லாக் அச்சடிக்கிறோம். படம் நன்றாகவே வந்துவிடுகிறது. படத்துக்குக் கீழே எழுதுகிற நாலு வரியில்தான் தடுமாறுகிறோம். பல கேட்லாக்குகளில் அந்த நாலு வரி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது:

"உலகத்தரம் வாய்ந்த மிகச் சிறந்த சணல் பை. எவ்வளவு எடை வைத்தாலும் தாங்கும். வாட்டர் புரூஃப். நூறு சதவீதம் இயற்கையானது. கண்கவர் வண்ணங்களில் கிடைக்கும்."

வெளியூரில் இருந்து 200 பை கேட்கிறவர் நம் பையைத் தொட்டுப் பார்க்க முடியாது. "ஏ4 ஃபைல் உள்ளே போகுமா? தோளில் மாட்ட வருமா? எத்தனை கிலோ வைக்கலாம்?" இவைதான் அவருடைய கேள்விகள். மேலே உள்ள நாலு வரியில் ஒன்றுக்கும் பதில் இல்லை. போதாததற்கு, செய்து தர முடியாத மூன்று வாக்குறுதிகளும் அதில் இருக்கின்றன. பையைக் கையில் வாங்கிய பிறகு, "நீங்க எழுதினது வேற, வந்தது வேற" என்று அவர் திருப்பி அனுப்பினால், துணிக்கும் தையலுக்கும் போட்ட குழுப் பணம் அப்படியே முடங்கிப்போகும்.

இந்தப் பாடத்தில் அந்த நாலு வரியை எடுத்து, ஒவ்வொன்றாகத் திருத்திப் பார்ப்போம்.

முதல் வேலை: அளக்க முடியாத சொல்லை அடிப்பது

ஒரு பேனாவை எடுத்து, இன்ச் டேப், தராசு, கடிகாரம், தண்ணீர் இவற்றில் எதை வைத்தும் சோதிக்க முடியாத சொற்களை அடித்துவிடுங்கள். "உலகத்தரம்", "மிகச் சிறந்த", "கண்கவர்" மூன்றும் போய்விடும். மிச்சம் இருப்பவற்றைச் சோதனை செய்வோம்.

அளவு

படத்தில் பை எந்த அளவு என்று தெரியாது. பத்துப் பைகளை எடுத்து, உயரம், அகலம், பக்க அகலம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். வாங்குகிறவர் உள்ளே வைக்கப்போகிற பொருளுக்கு உள் அளவுதான் முக்கியம். ஆகவே தையல் மடிப்பை விட்டு உள்பக்கம் அளக்க வேண்டும். கைப்பிடியின் உயரத்தையும், பையின் வாயிலிருந்து கைப்பிடியின் உச்சி வரை அளந்து எழுதுங்கள். பை தோளில் மாட்டுவதா, கையில் தூக்குவதா என்பது அதிலிருந்துதான் தெரியும்.

பத்துப் பையும் ஒரே அளவாக இருக்காது. சணல் துணி வெட்டும்போது கொஞ்சம் இழுபடும். சிறிய பைக்கும் பெரிய பைக்கும் அரை இன்ச் வித்தியாசம் வந்தால், அதையும் எழுதிவிடுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்ட வித்தியாசத்தை யாரும் குறை என்று சொல்ல மாட்டார்கள்.

எடை

"எவ்வளவு வைத்தாலும் தாங்கும்" என்று எழுதினால், யாராவது ஒருவர் 15 கிலோ வைத்துப் பார்ப்பார். தாங்கும் எடையை நாமே கண்டுபிடித்துவிடலாம். அரிசியை 2 கிலோ பாக்கெட்டுகளாகக் கட்டிக்கொள்ளுங்கள். பையை ஒரு கொக்கியில் மாட்டி, பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் கைப்பிடி தைத்த இடத்தைக் கவனியுங்கள். சணல் பையில் பல நேரம் தையல் நூல் அறுவதில்லை. அதற்கு முன்பே தையலைச் சுற்றி உள்ள துணி இழைகள் விலகி, சின்னச் சின்ன ஓட்டை தெரியும். அதுதான் எச்சரிக்கை.

உதாரணமாக, 10 கிலோவில் இழை விலக ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்வோம். கேட்லாக்கில் 10 என்று எழுதக் கூடாது, 5 என்று எழுதுங்கள். கொக்கியில் பை அசையாமல் தொங்குகிறது. பஸ் ஏறும்போதும் படி இறங்கும்போதும் பை குலுங்கும், கைப்பிடியில் இழுப்பு அதிகமாகும். பிறகு புதுப் பை ஒன்றில் 5 கிலோ வைத்து ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, நூறு தடவை தூக்கி இறக்கிப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் 5 கிலோ என்று தைரியமாக எழுதலாம்.

"வாட்டர் புரூஃப்", "நூறு சதவீதம் இயற்கை"

இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. பையின் உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் அது லேமினேஷன் செய்த துணி. வெட்டிய துண்டின் ஓரத்தை நகத்தால் கிளறுங்கள், மெல்லிய தாள் மாதிரி உரிந்து வரும். பெரும்பாலும் அது பிளாஸ்டிக்தான். அந்தத் துணியில் தைத்த பையை நூறு சதவீதம் இயற்கை என்று எழுதினால் அது பொய். தவறான விளம்பரம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. சுற்றுச்சூழல் பெயரைச் சொல்லி ஏமாற்றும் விளம்பரங்களுக்கென்றே 2024-இல் மத்திய அரசு தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது.

அதே பையில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். துணி வழியாக வராத தண்ணீர், ஊசி போன ஓட்டை வழியாகத் தையலில் கசியும். ஆகவே அது வாட்டர் புரூஃபும் இல்லை.

"லேமினேஷன்னு எழுதினா ஆர்டர் போயிடுமே" என்று சில சகோதரிகள் கேட்கலாம். பிளாஸ்டிக்கே கூடாது என்கிறவர், பை கைக்கு வந்ததும் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு லேமினேஷன் இல்லாத பையைத் தனி எண் கொடுத்து கேட்லாக்கில் போடுங்கள். அந்தப் பை அவ்வளவு விறைப்பாக நிற்காது என்பதையும் அங்கே எழுதுங்கள். பை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்கிறவர் லேமினேஷன் பையைத் தேடித்தான் வருவார்.

வண்ணம்

ஈரமான வெள்ளைத் துணியால் பையை இருபது தடவை தேயுங்கள். சாயம் ஒட்டினால் எழுதத்தான் வேண்டும். யாருடைய வெள்ளைப் புடவையிலோ கறை பட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

திருத்திய விவரம்

நம் உதாரணப் பைக்கு இப்போது இப்படி எழுதலாம்:

"சணல் கைப்பை, எண் 4. உள் அளவு: உயரம் 14 இன்ச், அகலம் 15 இன்ச், பக்க அகலம் 5 இன்ச். அரை இன்ச் கூடக் குறைய இருக்கலாம். ஏ4 ஃபைல் உள்ளே போகும். பருத்தி நாடா கைப்பிடி, உயரம் 11 இன்ச், தோளில் மாட்டலாம். 5 கிலோ வரை வைக்கலாம். உள்பக்கம் பிளாஸ்டிக் லேமினேஷன் உண்டு. தூறல் தாங்கும், தண்ணீர் தேங்கினால் தையலில் கசியும். ஊறவைத்துத் துவைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கவும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நிறம்: நீலம், மெரூன். ஈரத்தில் லேசாகச் சாயம் ஒட்டும். ஒவ்வொரு முறை துணி வாங்கும்போதும் நிறம் சற்று மாறலாம்."

உங்கள் பையின் எண்கள் வேறாக இருக்கும். இவற்றை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். துணி வாங்கும் கடையை மாற்றினாலும், கைப்பிடி நாடாவை மாற்றினாலும், எடைச் சோதனையையும் சாயச் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டும்.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

தையல் வேலையில் இல்லாத ஒரு உறுப்பினரிடம் பையைக் காட்டாமல் விவரத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள். அவரை இன்ச் டேப் வைத்துத் தரையில் சாக்பீஸால் பையை வரையச் சொல்லுங்கள். பிறகு பையை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். "இதுல என்ன வைக்கக் கூடாது, என்ன செய்யக் கூடாது?" என்றும் கேளுங்கள். எந்த இடத்தில் அவர் தடுமாறுகிறாரோ, அந்த வரியைத்தான் இன்னும் திருத்த வேண்டும்.