மதிப்பெண்ணும் மனமும்

தஞ்சோங் மாலிம் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளிலும் 1988 முதல் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஆயினும் பிள்ளைகளை ஒப்பிடும் வழக்கம் நீங்கிற்றா?

கணிதத்தில் ஒருவன் 48-இலிருந்து 63-க்கு உயர்கிறான் எனக் கொள்வோம். அடுத்த வீட்டுத் தோழனோ 90-இலிருந்து 82-க்கு இறங்குகிறான். இன்றைய எண்களை மட்டும் ஒப்பிட்டால் முன்னவன் பொறாமை கொள்வான், பின்னவன் செருக்குறுவான். தன் 15 மதிப்பெண் உயர்வு அவனுக்குத் தெரியாது. தன் 8 மதிப்பெண் இழப்பு இவனுக்குத் தெரியாது.

வள்ளுவர் அழுக்காறாமைக்கும் அடக்கமுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்துள்ளார். பொறாமை கொண்டவன் தோழனிடம் ஐயம் கேட்க மாட்டான். செருக்குற்றவன் ஆசிரியரிடமும் கேட்கான். அடக்கமுடையவன் தவறிய கணக்கை மறைக்காமல் காட்டுவான்.

பெற்றோரே, “அவனுக்கு எத்தனை?” என்று வினவுமுன் விடைத்தாளைப் பிரித்துப் பாருங்கள். பிள்ளை தவறியது பின்னக் கணக்கில் என்று தெரியவரும். அதனை அந்தத் தோழனே சொல்லித் தரவும் கூடும்.