பங்கு கேட்கும் முன் கடன் கணக்கு

என்.எல்.சி.யில் ஓய்வு பெற்று வடலூரில் வீடு கட்டிக் குடியேறிய நண்பர், தன் உயிலில் என்னை நிறைவேற்றுநராகப் போட்டிருந்தார். வீடு மனைவிக்கு. ரொக்கத்தில் 1 லட்சம் தங்கைக்கு, மீதி இரண்டு மகன்களுக்கும் மகளுக்கும் சமமாக.

காரியம் முடிந்ததுமே பெரியவன் கேட்டான்: “மாமா, 9 லட்சம் டெபாசிட்டுக்கு நாமினி நான்தானே, அது எனக்குத்தானே?” நாமினியிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீரும், அவ்வளவுதான். அதனால் பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முகம் கொஞ்சம் வாடினாலும் கணக்கில் சேர்த்துவிட்டான்.

மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் உயிலுக்குள் வராது. அதற்குத் தனி விண்ணப்பம். ஆனால் இறப்பைத் தெரிவிக்கும் முன் நண்பரின் ஓய்வூதியம் கணக்கில் ஏறியிருந்தது. அதைத் திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பிய பிறகு சேமிப்புக் கணக்கில் நின்றது 1 லட்சம். ஆக, கையில் 10 லட்சம்.

இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இறுதிச் சடங்குச் செலவும், கடைசி ஒரு மாத மருத்துவச் செலவும் எல்லாக் கடனுக்கும் முன்னால் நிற்கும். இரண்டுக்குமாக 2 லட்சத்து 20 ஆயிரம் போனது.

பிறகு கடன்காரர்கள் வந்தார்கள். ஒருவர் 80 ஆயிரத்துக்குப் புரோநோட்டு நீட்டினார். எழுதி நான்கு வருடம் ஆகியிருந்தது. புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம் என்று மகன்கள் தள்ளப் பார்த்தார்கள். நான் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் வட்டி வரவு, நண்பரின் கையெழுத்தோடு. அதுவும் மூன்று வருடக் கெடு முடிவதற்குள் எழுதியது. அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். அசலைத் தவிர வட்டி பாக்கி இல்லை என்று கடன் கொடுத்தவரே ஒப்புக்கொண்டதால் 80 ஆயிரத்தைக் கொடுத்து, நோட்டில் பற்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

இன்னொருவர் கைமாற்றாக 50 ஆயிரம் கொடுத்ததாகச் சொன்னார். சீட்டு இல்லை, வங்கிக் கணக்கிலும் தடயம் இல்லை. பிள்ளைகள் விரும்பினால் தங்கள் பங்கிலிருந்து கொடுக்கலாம், பொதுப் பணத்தில் கைவைக்க மாட்டேன் என்றேன். நிறைவேற்றுநருக்கு இரக்கம் காட்ட உரிமையில்லை. அடுத்தவர் பணம் அது.

மீதி 7 லட்சம். தங்கைக்கு 1 லட்சம் போக, பிள்ளைகளுக்குத் தலைக்கு 2 லட்சம். இதையும் உடனே பிரிக்கவில்லை. இறந்த தேதியிலிருந்து ஒரு வருடம் வரை பங்கு கொடுத்தாக வேண்டிய கட்டாயம் சட்டத்தில் கிடையாது. பங்கைப் பிரித்த பிறகு உண்மையான கடன்காரர் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நிறைவேற்றுநர்தான். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து முடித்து, ஒவ்வொருவரிடமும் ரசீது வாங்கிய பிறகே கொடுத்தேன்.

உயில் எழுதி வைத்திருப்பவர்களே, யாருக்கு என்ன தர வேண்டும் என்பதையும் ஒரு தாளில் தேதி போட்டு எழுதி, உயிலோடு சேர்த்து வையுங்கள்.