பிழைவிடை காட்டும் காரணம்: வல்லினப் புணர்ச்சி கற்பித்தலில் பலவுள் தெரிவுப் பயிற்சித்தாள்

முன்னுரை

தமிழில் எழுதும் மாணவர் மிகுதியாகத் தடுமாறும் இடம் வல்லினம் மிகுதலும் மிகாமையும் ஆகும். இதனைச் சோதிக்க வகுப்பறையில் வழங்கும் பலவுள் தெரிவு வினாக்கள், விடை சரியா தவறா என்பதை மட்டுமே அறிவிக்கின்றன. 'வந்தப் பையன்' என எழுதிய மாணவர் ஏன் அவ்வாறு எழுதினார் என்பது மதிப்பெண்ணில் தெரிவதில்லை. தவறான தெரிவு ஒவ்வொன்றும் மாணவரிடம் இயல்பாகக் காணப்படும் ஒரு பிழைக்கருத்திலிருந்து பிறந்ததாக அமைந்தால், மாணவர் தேர்ந்த விடையே அக்கருத்தைச் சுட்டிவிடும். அத்தகைய பயிற்சித்தாளை அமைக்கும் முறையையும் அதன் எல்லையையும் மூன்று வினாக்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பிழைக்குள் அமைந்த ஒழுங்கு

உயிரீற்றின் முன் க, ச, த, ப மிகும் என்பதை நன்னூல் பொதுவிதியாகக் கூறி, மிகாத இடங்களை விலக்காக வைக்கிறது. மாணவரோ பொதுவிதியையும் விலக்கையும் தனித்தனிப் பட்டியல்களாக மனனம் செய்கின்றனர். பட்டியல் மறந்த இடத்தில் தாமே ஒரு விதியை வகுத்துக்கொள்கின்றனர். அவ்விதி தவறானதாயினும் ஒழுங்குடையது. மாணவர் கட்டுரைகளிலும் சொல்வதெழுதுதலிலும் காணப்படும் பிழைகளைத் திரட்டினால் நான்கு போக்குகளைப் பிரித்தறியலாம்.

முதலாவது, ஈற்றொலியை மட்டும் நோக்குதல். 'அந்தப் பையன்' சரியெனின் 'வந்தப் பையன்' என்பதும் சரியே எனக் கொள்வது இப்போக்கு. இரண்டாவது, வினையெச்சம் என்றாலே வல்லினம் மிகும் எனக் கருதுதல். 'செய்துப் பார்த்தான்' என்பது இதன் விளைவு. மூன்றாவது, செயப்படுபொருள் வருமிடமெல்லாம் மிகும் எனக் கருதி 'நீர்க் குடித்தான்' என எழுதுதல். நான்காவது, எவ்விடத்தும் வல்லினத்தை இடாது விடுதல்.

வினா அமைப்பு

'வந்து – போனான்' என்னும் ஒரு தொடரை மட்டும் கொடுத்து வல்லினம் மிகுமா எனக் கேட்பதாகக் கொள்வோம். மிகாது என்பதே சரியான விடை. விதி அறிந்தவரும் அதனையே கூறுவர். எங்கும் வல்லினம் இடாதவரும் அதனையே கூறுவர். அறிவும் அறியாமையும் ஒரே விடையில் வந்து சேர்வதால் இவ்வினா எதனையும் காட்டுவதில்லை. ஆகவே மிகும் தொடர் ஒன்றையும் மிகாத் தொடர் ஒன்றையும் இணையாக ஒவ்வொரு தெரிவிலும் வைத்தல் வேண்டும்.

வினா 1. பிழையற்ற இணை எது?
அ) அந்தப் பையன் – வந்த பையன்
ஆ) அந்தப் பையன் – வந்தப் பையன்
இ) அந்த பையன் – வந்த பையன்

வினா 2. பிழையற்ற இணை எது?
அ) படித்துப் பார்த்தான் – செய்து பார்த்தான்
ஆ) படித்துப் பார்த்தான் – செய்துப் பார்த்தான்
இ) படித்து பார்த்தான் – செய்து பார்த்தான்

வினா 3. பிழையற்ற இணை எது?
அ) நீரைக் குடித்தான் – நீர் குடித்தான்
ஆ) நீரைக் குடித்தான் – நீர்க் குடித்தான்
இ) நீரை குடித்தான் – நீர் குடித்தான்

மூன்றிலும் 'அ' சரியான விடை. விளக்கத்தின் பொருட்டே அது முதலில் வைக்கப்பட்டுள்ளது. மாணவர்க்கு வழங்கும் தாளில் வரிசையை மாற்றுதல் வேண்டும். 'அந்த பையன் – வந்தப் பையன்' என்னும் நான்காம் தெரிவையும் சேர்க்க இயலும். ஆயினும் அதற்கு இட்டுச்செல்லும் கருத்து மேற்கூறிய போக்குகளில் இல்லை. எண்ணிக்கையை நிரப்பவே வரும் தெரிவு காரணம் காட்டாது ஆதலின் அது விலக்கப்பட்டது.

விடைகளைப் படித்தல்

ஒரு மாணவர் முதல் வினாவிற்கு 'அ', இரண்டாவதற்கு 'ஆ', மூன்றாவதற்கு 'அ' எனத் தேர்ந்துள்ளார். மற்றொருவரின் விடைகள் 'அ, அ, ஆ'. இருவரும் பெறும் மதிப்பெண் இரண்டே. ஆனால் முன்னவர் வினையெச்ச விதியை அளவிறந்து விரித்தவர்; பின்னவர் தொகைக்கும் விரிக்கும் வேறுபாடு காணாதவர். மூன்றாம் மாணவர் 'ஆ, ஆ, அ' எனத் தேர்ந்தால் அவர் ஈற்றொலியை நோக்குபவராதல் கூடும். 'அந்த, வந்த' என்னும் இணையும் 'படித்து, செய்து' என்னும் இணையும் ஒத்து முடிவதால் அவர் ஏமாறுகிறார். 'நீரை, நீர்' வேறுபட்டு முடிவதால் அங்கே தப்பிவிடுகிறார். 'இ, இ, இ' என்பது வல்லினம் இடாத போக்கு.

இரண்டாம் வினாவின் 'ஆ' தெரிவை ஈற்றொலி நோக்குபவரும் தேர்வர். வினையெச்ச விதியை விரிப்பவரும் தேர்வர். முதல் வினாவின் விடையே இருவரையும் பிரிக்கிறது. ஐயம் நீங்காதவிடத்து, 'பந்து – கிடைத்தது' என்னும் எழுவாய்த் தொடரைக் கொடுத்துப் பார்க்கலாம். ஈற்றொலி நோக்குபவர் 'பந்துக் கிடைத்தது' என்பார். 'பந்து' பெயர்ச்சொல் என்பதால் மற்றவர் அவ்வாறு கூறார்.

காரணத்திற்கேற்ற திருத்தம்

மூன்று மாணவர்க்கும் விதிப்பட்டியலை மீண்டும் ஒப்புவிக்கச் செய்வது பயனளிக்காது. ஈற்றொலியை நோக்குபவர்க்குச் சொல்வகையைக் காட்டுதல் வேண்டும். 'வந்த' என்பதை 'வருகின்ற', 'வரும்' எனக் காலம் மாற்றலாம். 'அந்த' என்பதை அவ்வாறு மாற்ற இயலாது. இச்சோதனையால் பெயரெச்சமும் சுட்டும் வேறு என்பதை அவரே காண்பார்.

வினையெச்ச விதியை விரித்தவர் ஈற்றயல் எழுத்தை நோக்கப் பழகுதல் வேண்டும். 'படித்து' என்பதில் 'து'வுக்கு முன் வல்லின மெய் நிற்கிறது. அது வன்தொடர்க் குற்றியலுகரம் ஆதலின் மிகும். 'செய்து' இடைத்தொடர், 'வந்து' மென்தொடர், இவ்வினையெச்சங்களின் பின் மிகாது.

மூன்றாவது பிழைக்கு வேற்றுமை உருபு வெளிப்பட நிற்கிறதா என வினவுதல் தீர்வாகும். 'நீரை' என்பதில் 'ஐ' வெளிப்படுகிறது; 'நீர் குடித்தான்' என்பதில் அது தொக்குள்ளது. 'தண்ணீர்க்குடம்' போன்றவற்றில் மிகுவது உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பதனால். இவ்வடிவம் மாணவர் மனத்தில் முன்னரே பதிந்திருப்பது இப்பிழைக்கு ஒரு தூண்டுதலாகலாம்.

முறையின் எல்லை

மூன்று தெரிவுகள் உள்ள வினாவில் கண்மூடித் தேர்ந்தாலும் ஒரு குறிப்பிட்ட தெரிவு அமைய மூன்றில் ஒரு வாய்ப்புண்டு. ஆகவே ஒரே விடையைக் கொண்டு காரணம் கூறலாகாது. ஒவ்வொரு பிழைக்கருத்துக்கும் வேறு சொற்களால் அமைந்த மூன்று இணைகளேனும் வேண்டும்; குறித்த ஒரு பிழைவிடையே மூன்றிலும் தற்செயலாக அமைய 27இல் ஒரு வாய்ப்பே உண்டு.

'இ' தெரிவு விதி அறியாமையைக் காட்டுகிறதா, எழுத்துப் பழக்கத்தைக் காட்டுகிறதா என்பதைத் தாளால் அறிய இயலாது. அத்தொடர்களை மாணவரை வாய்விட்டுச் சொல்லச் செய்தல் வேண்டும். பேச்சில் 'அந்தக் குதிரை' என ஒற்று இரட்டித்து ஒலித்து, எழுத்தில் மட்டும் விடுவாராயின் அவர்க்குத் தேவை விதியன்று; செவியும் கையும் இணையும் பயிற்சியே.

முடிவுரை

மாணவர் எழுத்திலிருந்து திரட்டிய பிழைகளால் தெரிவுகளை அமைத்தல், மிகும் தொடரையும் மிகாத் தொடரையும் இணைத்தல், பல வினாக்களின் விடைகளைச் சேர்த்துப் படித்தல் ஆகிய மூன்றும் இம்முறையின் அடிப்படை. ஒரே மதிப்பெண் பெற்ற இருவர்க்கு வெவ்வேறு பாடம் தேவை என்பதை ஆசிரியர் அறியச் செய்வதே இத்தாளின் பயன்.